ஜன்னல் நோட்டு

மஞ்சக்குப்பம் மைதானத்தில் கிழக்குப் பக்கமாக ஒரு சுண்ணாம்புக்கோடு, அதிலிருந்து இருபது அடி தள்ளி மேற்கே இன்னொரு கோடு. கிழக்குக் கோட்டில் நூல் பிடிக்கும் பிள்ளைகள், மேற்குக் கோட்டில் காத்தாடியைத் தூக்கிவிடும் பிள்ளைகள். கோடுகளைப் பார்த்ததுமே மங்கலத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தப்பாகப் போட்டிருந்தார்கள்.

எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. மேற்கேயிருந்து வரும் ஆடி மாதத்து மேல்காற்று, அடுப்பைத் திறந்த மாதிரி. மைதானத்துப் புழுதி முழுக்கக் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. கண் இருக்கிறவனுக்குத் தெரியும். ஆனால் தட்சிணாமூர்த்தி கையில் கையேடு இருந்தது. அதில் அச்சில் இருந்தது: 'கடற்கரை ஊர்களில் எப்போதும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று காத்தாடி விட வேண்டும்.'

அந்த வரியை மங்கலத்துக்கு மனப்பாடமாகத் தெரியும். ஒரு வார்த்தை நீங்கலாக, எழுதியவள் அவள்.

குடிகாட்டு நடுநிலைப் பள்ளியில் அவள் அறிவியல் டீச்சர். மேல்காற்று அடித்தால் ஆலைகளின் வாடை வகுப்புக்குள் வந்துவிடும், ஜன்னலை மூடிவிட்டுப் புழுங்கிக்கொண்டு உட்கார வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று திரும்பினால் வாடை போய்விடும், ஜன்னலைத் திறக்கலாம். எத்தனை மணிக்குத் திறந்தோம் என்று பிள்ளைகளே தினமும் ஒரு நோட்டில் குறிக்கிறார்கள். ஜன்னல் நோட்டு என்று அதற்குப் பெயர். அதை வைத்துத்தான் காற்றின் திசை, காத்தாடிப் பாடம் எல்லாம் அதே நோட்டில் எழுதி அவள் நடத்தினாள். பார்வையிட வந்த வட்டாரப் பயிற்றுநர் தட்சிணாமூர்த்தி, "ரெண்டு நாள் குடுங்க மேடம், படிச்சிட்டுத் தரேன்" என்று அந்த நோட்டை வாங்கிப்போனவர் ஒரு மாதம் கழித்துத் திருப்பினார். ஜூனில் ஆசிரியர்களுக்கான கையேடு வந்தது. முகப்பில் அவர் பெயர். உள்ளே அவள் பாடம். பயிற்சி வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவள் கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "காத்து என்னா மேடம் உங்க சொத்தா? எல்லா ஊர்லயும்தான் அடிக்குது."

நாற்பது டீச்சர்கள் சிரித்தார்கள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டிய கையால் சோறு ஊட்டி வளர்த்த அம்மாவின் மகள் அவள். வெட்டு வாங்கிய கைக்குத் துணி சுற்றிக்கொண்டு அடுத்த கழியை வெட்டுகிறதைப் பார்த்து வளர்ந்தவள். உட்கார்ந்தாள். மறக்கவில்லை.

இன்றைக்கு ஐந்து பள்ளிகளிலிருந்து ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் பிள்ளைகள் ஐம்பது பேர். மூன்று மணிக்குள் கல்வி அதிகாரி சாமிக்கண்ணு வந்து பார்ப்பார். மங்கலம் பத்துப் பிள்ளைகளோடு வேனிலிருந்து இறங்கியதும் தட்சிணாமூர்த்தி மைக்கில் சொன்னார்: "குடிகாட்டு கோஷ்டி வந்தாச்சு. ஜன்னல எல்லாம் தொறந்து வைங்கப்பா!"

சில பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். எட்டாம் வகுப்பு எழிலரசி பல்லைக் கடித்தாள்.

"டீச்சர், கோடு தப்பா போட்டுருக்காரு."

"தெரியும்."

"சொல்லலையா?"

"அவருகிட்ட பொஸ்தகம் இருக்குது. நம்மகிட்ட என்னாத்துக்குக் கேக்கப் போறாரு? காத்தாடிய முடி மொதல்ல."

மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து பிள்ளைகள் செய்தார்கள். மூங்கிலைக் கீறிய சிம்பு நடுக்குச்சிக்கு, துடைப்பக் குச்சி வில்லுக்கு, மைதாப் பசை. எழிலரசி நடுக்குச்சியை விரல்மேல் வைத்துச் சரிபார்த்தாள். இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்க இறக்கையில் ஒரு துண்டு தாள் ஒட்டினாள், நின்றது. பிறகு சூத்திரம், அதாவது காத்தாடியைத் தாங்கும் இரட்டை நூல். முடிச்சில் பிடித்துத் தொங்கவிட்டால் தலை கொஞ்சம் தூக்கி இருக்க வேண்டும். ரொம்பத் தூக்கினால் ஆடும், தலை கவிழ்ந்தால் குத்தும்.

பக்கத்து வட்டத்தில் வேறு பள்ளிக்கூடத்து ஷஹனாஸ், ஆறாம் வகுப்பு, தனியாக ஒரு பச்சைக் காத்தாடி செய்திருந்தாள். மங்கலம் அதைக் கையில் வாங்கித் தொங்கவிட்டுப் பார்த்தாள். மைதானத்திலேயே நல்ல காத்தாடி அதுதான்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"நானே செஞ்சு பாத்தேன் டீச்சர். நாலு கிழிஞ்சுது, இது அஞ்சாவது." அவள் கோடுகளைப் பார்த்தாள். "டீச்சர், அங்க நின்னா மண்ணு மூஞ்சிலயே அடிக்குது. காத்து முதுகுலதான அடிக்கணும்? சரியாதான் நிக்கச் சொல்றாங்களா?"

மங்கலம் பச்சைக் காத்தாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சார் சொன்னபடி செய்மா" என்றாள்.

மணி இரண்டு இருபது. இப்போது அவளுக்கு வேறு கவலை. ஜன்னல் நோட்டு பையில் இருந்தது. போன வாரம்: மூன்று ஐந்து, இரண்டு ஐம்பத்தைந்து, மூன்று பத்து. அந்த நேரம் ஆனால் கடல்காற்று திரும்பும். திரும்பிவிட்டால் தட்சிணாமூர்த்தி போட்ட கோடு சரியாகிவிடும்! எல்லாக் காத்தாடியும் ஏறும், அவர் கையேட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு போட்டோ எடுப்பார். அதிகாரி அதற்கு முன் வந்தாக வேண்டும். கோயிலில்கூட அவள் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

இரண்டு முப்பத்தைந்துக்கு ஜீப் வந்தது.

"ரெடி!" தட்சிணாமூர்த்தி விசிலை ஊதினார். "ஓடக் கூடாது! நின்ன எடத்துலயே நூலச் சுண்டணும். கடலுக்கு முதுக காட்டு!"

தூக்கிவிட்ட காத்தாடிகளின் முதுகில் காற்று அறைந்தது. ஒவ்வொன்றும் குப்புறக் கவிழ்ந்து, நூல் பிடித்திருந்த பிள்ளைகளின் தலைமேலேயே வந்து விழுந்தது. வெயில் வேறு கண்ணுக்கு நேரே. பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தூக்கினார்கள், விழுந்தது; தூக்கினார்கள், விழுந்தது.

"கையில உசுரு இல்ல? சுண்டுடா!"

"சார், காத்து இந்தப் பக்கம் வருது சார்" என்றான் ஒரு பையன்.

"அது சுழல். கொஞ்ச நேரத்துல சரியாயிரும். பொஸ்தகத்துல போட்டது பொய்யா?"

அதிகாரி பந்தலுக்கடியில் நாற்காலியில் உட்கார்ந்தார், சோடாவைக் குடித்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஷஹனாஸின் பச்சைக் காத்தாடி மூன்றாவது தடவை தலைகுப்புற வந்து தரையில் குத்தியது. நடுக்குச்சி முறிகிற சத்தம் மங்கலத்துக்குக் கேட்டது. கேட்காத மாதிரி நின்றாள். இரண்டு நாற்பத்தைந்து.

"எழிலு, கெளம்புங்க."

பத்துக் குடிகாட்டுப் பிள்ளைகளும் மேற்குக் கோட்டையும் தாண்டிப் போய் நின்றார்கள். ஆளுக்குப் பிடி மண் எடுத்துப் பறக்கவிட்டார்கள். காற்று வருகிற பக்கம் முதுகு, போகிற பக்கம் முகம். தூக்கிவிடுகிறவர்கள் கிழக்கே தள்ளிப் போனார்கள். ஒரு சுண்டு. ஐந்து காத்தாடியும் ஏறின. நூல் விறைத்து, கீழே தவித்துக்கொண்டிருந்த நாற்பது பிள்ளைகளின் தலைக்கு மேலே போய் நின்றன.

அதிகாரி எழுந்தே விட்டார்.

"யாரும்மா அந்தப் பசங்க? அவுங்க மட்டும் ஏன் மாத்தி நிக்கிறாங்க?"

தட்சிணாமூர்த்தி முந்தினார். "சார், அது வந்து, சொன்ன ஒழுங்குல நிக்காதுங்க..."

"ஒழுங்கா நின்னதுல ஒண்ணும் ஏறலையேப்பா."

எழிலரசி நூலைப் பக்கத்தில் நின்ற சுஹைப் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். "இது மேக்காத்து சார். எங்க ஊர்ல மூக்குக்கே தெரியும். ஜன்னல மூடிட்டா மேக்காத்து, தொறந்தா கடக்காத்து. நோட்டுல எழுதி வச்சிருக்கோம்."

சற்றுமுன் மூக்கைப் பிடித்த பிள்ளைகள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. மங்கலம் நோட்டை அதிகாரியிடம் நீட்டினாள். தை மாதத்துப் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தாள். ஜூனிலிருந்தே அந்தப் பக்கத்தில்தான் அடையாளத்துக்குத் தாள் சொருகியிருந்தது.

"கையேட்டுல பதினோராம் பக்கம் பாருங்க சார். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க."

நோட்டில் இருந்தது: 'தை மாதத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று காத்தாடி விட வேண்டும்.' அச்சில் 'தை மாதத்தில்' இல்லை. அந்த இடத்தில் 'எப்போதும்' இருந்தது. நோட்டில் எழிலரசி வரைந்த காத்தாடிப் படத்தின் ஓரத்தில் ஒற்றைக்கால் காக்கா ஒன்று இருந்தது. அவசரத்தில் மற்றக் காலைப் போட மறந்துவிட்டாள். அச்சிலும் அந்தக் காக்காவுக்கு ஒரே கால்.

சாமிக்கண்ணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னா மூர்த்தி, காக்காவக்கூட விடலயா நீ?"

பக்கத்தில் நின்ற டீச்சர்கள் சிரித்தார்கள். ஜூனில் சிரித்தவர்களேதான். மங்கலத்துக்கு அது தொண்டை வழியே இறங்கியது, கொதிக்கும் மத்தியானத்தில் பானைத் தண்ணீர் இறங்குகிற மாதிரி. தட்சிணாமூர்த்தியின் முகம் கறுத்தது.

"மேடம், முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அடிக்குரலில்.

"காத்து என்னா சார் என் சொத்தா?"

அதிகாரி கையேட்டையும் நோட்டையும் சேர்த்துத் தன் பையில் வைத்தார். "திங்கக்கெழம ஆபீசுக்கு ரெண்டு பேரும் வாங்க. இது யாரோட பாடம்னு எழுத்துல வரணும்."

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம். பந்தல் துணி படபடப்பை நிறுத்தியது. ஐந்து காத்தாடிகளின் நூலும் தொய்ந்தது. "சுத்துங்கடி, சுத்துங்க!" என்று எழிலரசி கத்த, பிள்ளைகள் சரசரவென்று நூலைச் சுற்றி இறக்கினார்கள். ஒரு நொடி ஒன்றுமே அசையவில்லை. பிறகு கடல் பக்கமிருந்து ஈரமாக ஒரு காற்று வந்து பிடரியைத் தொட்டது.

கிழக்குக் கோட்டில் நின்ற பிள்ளைகள் சும்மா சுண்டிப் பார்த்தார்கள். ஏறியது. பதினைந்து காத்தாடிக்கு மேல் ஏறின. தட்சிணாமூர்த்தி சரியான இடத்தில், சரியான திசைக்கு முதுகைக் காட்டி நின்றார். அவரை யாரும் பார்க்கவில்லை.

மங்கலம் பார்த்தாள். வேண்டுமட்டும் பார்த்தாள். வலி தீர்ந்துவிட்டது என்று நல்லவள் மாதிரி நினைத்துக்கொள்ள அவளுக்கு ஆசையில்லை, இனித்தது, அவ்வளவுதான்.

புடவைத் தலைப்பை யாரோ இழுத்தார்கள். ஷஹனாஸ். கையில் இரண்டாக முறிந்த பச்சைக் காத்தாடி.

"டீச்சர், நான் கேட்டப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

எழிலரசியும் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்ல இடம் இருந்தது. ஒரு வார்த்தை போதும்.

"தெரியும்" என்றாள் மங்கலம். "அவரு அதிகாரி முன்னாடி தோக்கணும்னு இருந்தேன். அதான் சொல்லல."

அந்தப் பெண் அழவில்லை. முறிந்த குச்சியை உருவி எறிந்தாள்.

"வேற சிம்பு தரேன், வா. சேந்து கட்டுவோம்."

"சிம்பு மட்டும் குடுங்க" என்றாள் ஷஹனாஸ். வாங்கிக்கொண்டு, மங்கலத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆறாவது காத்தாடியை விரல்மேல் வைத்துச் சரிபார்க்க ஆரம்பித்தாள்.