எதிர்ப்பக்கத்து மூணு மணி

பூட்டுக்கடைக்காரர் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியவரில்லை. அந்த வாட்சை மட்டும் பேரம் பேசாமல் வாங்கினார். அதைக் கேட்ட அவர் மனைவி, ஜுரமா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

காரணம் அவருடைய தங்கை. வடக்கே, பூமி முடிகிற இடம் என்று சொல்லத்தக்க ஒரு துறைமுக ஊரில் இருக்கிறாள். மாப்பிள்ளை இருந்தவரை அவர்தான் நேரம் பார்த்து அங்கிருந்து கூப்பிடுவார். மழைக்காலம் முடிகிற சமயத்தில் மாப்பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. "இங்க வந்துடு பாப்பா" என்று இவர் கூப்பிட்டதற்கு, "குளிர்காலம் போகட்டும் அண்ணே" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் கல்லில் எழுதின மாதிரி. ஆகவே தினமும் கூப்பிட்டுப் பேசுவது என்று இவர் முடிவு செய்தார். அவள் தூங்குகிற நேரத்தில் கூப்பிட்டு எழுப்பக் கூடாதே, அதற்குத்தான் வாட்ச்.

வாட்ச் கடைக்காரர் அவருக்குப் பழைய சிநேகிதர். கண்ணாடிப் பலகையின் மேல் வைத்துக் காட்டினார்.

"இந்தச் சிவப்பு முள்ளைப் பாருங்க. மத்த மணி முள்ளு ஒரு நாளைக்கு ரெண்டு சுத்து சுத்தும். இது ஒரே சுத்துதான். அதனாலதான் ஓரத்து வளையத்துல இருபத்துநாலு வரைக்கும் போட்டிருக்கான். பகல் மூணுன்னா பதினஞ்சுல நிக்கும், ராத்திரி மூணுன்னா நேர் எதிர்ப்பக்கம் மூணுல நிக்கும். தங்கச்சி முழிச்சிருக்காங்களா, தூங்குறாங்களான்னு ஒரு பார்வையில தெரிஞ்சுடும். நிமிஷத்துக்கு நம்ம முள்ளையே பார்த்துக்கலாம், அது ரெண்டு ஊருக்கும் பொது."

"என் கடைப் பூட்டைவிட சிக்கலா இருக்கே."

"உங்க பூட்டுல சாவி தொலையும், இதுல தொலையாது. இந்தத் திருகை ஒரு படி இழுத்து இப்படித் திருகுங்க. சிவப்பு முள்ளு மட்டும் மணி மணியா தாவும், நம்ம ஊர் நேரம் அசையாது. சரி, அங்க இப்ப மணி என்ன?"

அது இவருக்குத் தெரியாது. கடையிலிருந்தே போன் போட்டார். இங்கே நண்பகல். முதல் மணியிலேயே தங்கை எடுத்துவிட்டாள்.

"பாப்பா, அங்க மணி என்ன?"

"சுவத்துக் கடிகாரம் மூணு காட்டுது அண்ணே. நாலு நாளா ஜுரம். எப்ப தூங்கினேன், எப்ப எழுந்தேன்னே தெரியலை."

"மூணாம்" என்றார் இவர், போனைக் கையால் பொத்திக்கொண்டு.

"பகலா, ராத்திரியா?"

வாட்ச் கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. அதைத் தங்கையிடமே கேட்டிருக்கலாம். ஆனால் ஆளைப் பார்த்தே கணக்குப் போடுகிற வியாபாரிக்குக் கேட்பது கௌரவக் குறைச்சல்.

"முதல் மணிக்கே எடுத்துட்டா. ராத்திரி மூணு மணிக்கு எவன் முழிச்சிருப்பான்? பதினஞ்சுல வைங்க." பிறகு போனில், "பட்டப்பகல் மூணு மணிக்குப் படுத்துக் கிடக்காதே பாப்பா. எழுந்து ஏதாவது சாப்பிடு" என்றார்.

"பகலா?" என்றாள் அவள். "சரி அண்ணே."

அந்த ஊரில் அந்த மாதங்களில் சூரியன் எழுவதே இல்லை. நடுப்பகலில் கொஞ்ச நேரம் மலை விளிம்பில் நீலமாக ஒரு வெளிச்சம் தலைகாட்டும், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் இருட்டு. வீட்டில் இருப்பது பன்னிரண்டு மணிச் சுவர்க் கடிகாரம். மாப்பிள்ளையின் செல்போன் அவரோடு சேர்ந்து அணைந்தது, அதை உயிர்ப்பிக்க அவளுக்கு மனசில்லை. டிவி மேல் துணி போட்டு மூடியிருந்தாள். மிச்சம், சுவரில் தொங்கும் பழைய போன் ஒன்றுதான். அந்தப் போனில்தான் அண்ணன் தினமும் கூப்பிட்டார். தன் ஊர் நண்பகலில், வியாபாரம் தூங்குகிற வேளையில், சிவப்பு முள் பதினைந்தைத் தொடும்போது.

"பகல் சாப்பாடு ஆச்சா பாப்பா?"

"ஆச்சு அண்ணே. கடிகாரமும் மூணுதான் காட்டுது. உன் வாட்ச் ரொம்பச் சரி."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் மணிக்கட்டை நீட்டினார்.

கொஞ்ச நாள் போனதும் தங்கையின் பேச்சு ஒரு மாதிரியாகத் திரும்பியது.

"இந்த வருஷம் அந்த நீல வெளிச்சம்கூட வரலை அண்ணே."

"மேகமா இருக்கும்."

"மேகம் இல்லை. நட்சத்திரம் தெரியுது."

இன்னொரு நாள் கேட்டாள். "அண்ணே, இங்க ஏதாவது நடந்துச்சா? நியூஸ்ல சொன்னாங்களா?"

"ஏன்?"

"காலையில ஆறு, ஏழு மணிக்குப் பார்த்தா தெருவுல ஆள் நடமாட்டம் இருக்கு. பசங்க சறுக்கி விளையாடுறாங்க. அப்புறம் பொழுது ஏற ஏற ஒவ்வொருத்தரா காணாமப் போறாங்க. பத்து மணிக்கு ஒவ்வொரு ஜன்னலா விளக்கு அணையுது. மத்தியானம் ஆச்சுன்னா ஊர்ல ஒரு ஈ காக்கா இல்லை. பயத்துல சாயங்காலமே திரையைப் போட்டுப் படுத்துடறேன்."

"லீவா இருக்கும் பாப்பா."

"ரொட்டிக்கடை திறக்கறதே இல்லை. மத்தியானம் போய்ப் போய்ப் பார்க்கறேன். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினா திறக்க மாட்டேங்கறாங்க. உள்ள ஆள் இருக்கு அண்ணே. மூச்சுச் சத்தம் கேக்குது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு மூச்சு விடறாங்க."

"காலையில ஆள் இருக்கும்போதே போய்க் கேளேன்."

"நல்லாயிருக்கே! காலங்காத்தால ஆறு மணிக்கு அடுத்தவங்க வீட்டுக் கதவைத் தட்டுவாங்களா?"

போனை வைத்த பிறகும் அந்த மூச்சு பூட்டுக்கடைக்காரரின் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. தனிமையில் தங்கைக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தார். கதவுகளைப் பற்றித் தெரிந்தவர் அவர். பூட்டு விற்பவனுக்கு மற்றவர்களின் பயம்தான் மூலதனம். ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுகிற பயத்துக்குப் பூட்டு அவர் கடையில் இல்லை. நேரில் போய் அழைத்துவருவதென்று தீர்மானித்தார்.

மறுநாள் நண்பகல் பேச்சில் தங்கையின் குரல் வெகு நிதானமாக இருந்தது. அதுதான் அவரைக் கலக்கியது.

"ரொட்டி தீர்ந்துடுச்சு. கோட்டு போட்டுக்கிட்டேன் அண்ணே. துறைமுகம் வரைக்கும் நடந்து பார்க்கறேன். அங்கயாவது யாராவது மிச்சம் இருக்காங்களான்னு."

"குளிருமே."

"பட்டப்பகல்தானே."

போனை வைத்த கையோடு அவர் டிராவல்ஸ் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே டிக்கெட் போடுகிற பெண், வாயில் பேனாவைக் கடித்தபடி திரையைத் தட்டினாள்.

"சார், நடுவுல ரெண்டு விமானம் மாறணும். நீங்க இங்க காலையில ஏறி ஒரு முழு நாள் பறந்தாலும், அங்க அதே நாள் நடுராத்திரிதான் ஆகியிருக்கும். அவங்க நமக்கு ஒன்பது மணி நேரம் பின்னாடி."

"முன்னாடிம்மா. மூணு மணி நேரம் முன்னாடி." மணிக்கட்டை நீட்டினார். "பாரு, இங்க ஒண்ணு, அங்க பதினாறு. சாயங்காலம் நாலு."

அவள் வாட்சைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பேனாவை வாயிலிருந்து எடுத்தாள்.

"நாலுதான் சார். விடியக்காலை நாலு. உங்க முள்ளு நேர் எதிர்ப்பக்கம் நிக்குது."

அவர் மணிக்கட்டைக் கண்ணருகே கொண்டுவந்தார். வராத நீல வெளிச்சம். பொழுது ஏற ஏற மறைந்த மனிதர்கள். அணைந்த ஜன்னல்கள். சாயங்காலம் விளையாடிய பிள்ளைகளைக் காலையில் விளையாடுகிறவர்களாகத் தங்கை நினைத்திருக்கிறாள். அவள் முழித்திருந்ததால் பகல் என்று இவர் நினைத்தார், இவர் பகல் என்றதால் அவள் முழித்திருந்தாள். இத்தனை நாளும் ஒரு ஊரே தூங்குகிற நடுச்சாமத்தில் தன்னந்தனியாக அவளைப் பகல் வாழ வைத்தது இந்த மணிக்கட்டு.

இப்போது அவள் துறைமுகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறாள். வழுக்கி விழுந்தால் தூக்க ஆளில்லாத நேரம்.

போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். டிக்கெட் போடுகிற பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கை ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. திருகை ஒரு படி இழுத்துத் திருகினார். சிவப்பு முள் பதினேழு, பதினெட்டு என்று தாவியது. இருபத்துநாலைத் தாண்டி நாலில் நின்றது. பன்னிரண்டு தாவல். மற்ற முட்கள் ஒன்றுமறியாதவை போல ஓடிக்கொண்டிருந்தன.

எத்தனையாவது முறை என்று தெரியாத ஒரு முறை, மணி நின்றது. எதிர்முனையில் மூச்சு வாங்கும் சத்தம்.

"பாப்பா!"

"பாதி தூரம் போயிட்டுத் திரும்பிட்டேன் அண்ணே." பல் தந்தியடித்தது. "தூரத்துல கப்பல்ல விளக்கெல்லாம் எரியுது. ஒரு மனுஷன் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரலே எனக்குப் பயமா இருந்துச்சு."

"பாப்பா, நான் சொல்றதைக் கேளு. இப்ப அங்க ராத்திரி. விடியக்காலை நாலு. நான்தான் முள்ளைத் தப்பா வச்சுட்டேன்."

போனில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப... எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா. தூங்கறாங்க."

"பகல்னும் நீதானே சொன்னே. இதே குரல்லதான் சொன்னே."

கொள்முதல் விலையைத் தவிர வேறெதிலும் பொய் சொல்லாத மனிதர். "ஜன்னல் பக்கத்துல உக்காரு. சூடா ஏதாவது குடி. நாலு மணி நேரத்துல தெருவுல ஆள் வரும். வரலைன்னா நான் சொன்னது பொய்னு வச்சுக்கோ" என்றார். பத்து நாள் கழித்துப் போகிற விமானத்தில்தான் இடம் கிடைத்தது. அதைப் போடச் சொல்லிவிட்டுக் கடைக்கு வந்தார்.

கடை மூடுகிற நேரத்தில் சிவப்பு முள் பதினொன்றைத் தொட்டது. அவர் கூப்பிட்டார்.

"நீல வெளிச்சம் வந்திருக்கு அண்ணே!" குரலில் உயிர் இருந்தது. "ரொட்டி வாங்கிட்டேன். தெருவுல எல்லாரும் கை ஆட்டுனாங்க. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன், உடனே திறந்துட்டாங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்பாடா. என்ன சொன்னாங்க?"

"அந்தம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. தினமும் ராத்திரி மூணு மணி வாக்குல யாரோ கதவைத் தட்டறாங்களாம். அவங்க புருஷனும் அவங்களும் கதவுக்குப் பின்னாடி கையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்களாம், திறக்க தைரியம் இல்லாம. போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரர்தான் வழி தெரியாம வந்து தட்டறார்னு அந்தம்மா சொல்றாங்க."

"நீ என்ன சொன்னே?"

"உங்களுக்கும் கேக்குதான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

"பாப்பா!"

"படுக்கையை எடுத்துக்கிட்டு வர்றாங்க அண்ணே, ரெண்டு பேரும். அந்தத் தட்டற சத்தம் நிக்கிற வரைக்கும் என்னைத் தனியா விடறதா இல்லையாம். அடுப்புல இப்ப சூப் வைக்கறாங்க, சத்தம் கேக்குதா?"

கேட்டது. யாரோ பாத்திரத்தில் கரண்டியைத் தட்டினார்கள். மாப்பிள்ளை போன பிறகு தங்கையின் குரலைத் தவிர அந்த வீட்டிலிருந்து வந்த முதல் மனிதச் சத்தம்.

தங்கை குரலைத் தாழ்த்தினாள். போனை வாயோடு ஒட்டிவைத்துப் பேசுவது தெரிந்தது.

"அண்ணே, நீ வர்றதுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. இன்னிக்கு ராத்திரி தட்டற சத்தம் கேக்கலைன்னா, அவங்க நாளைக்கே போயிடுவாங்களே?"

தட்டாதே என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். பேரத்தில் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லாத அந்த வாயில் அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

"கையுறை போட்டுக்கோ" என்றார் கடைசியில்.