ஆறு விநாடிக் குரல்

அந்த வாரம் நாட்டில் யார் கைபேசியைத் திறந்தாலும் ஒரே கேள்விதான்: 'அம்புட்டுத்தானா?' ஒரு பெண்ணின் குரல், ஆறே விநாடி. சலிப்பும் லேசான கிண்டலும் கலந்த குரல். பிறந்தநாளுக்குச் சின்னக் கேக்கை நீட்டினால் அந்தக் குரல். கலியாணச் சாப்பாட்டில் ஒற்றை இறைச்சித் துண்டு விழுந்தால் அந்தக் குரல். சிங்களப் பிள்ளைகள்கூட அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாயசைத்தார்கள். கைபேசிக் கடைக்காரன் போட்டான், பர்னிச்சர் கடைக்காரன் போட்டான், பல் வைத்தியர் ஒருவரும் வெட்கமில்லாமல் போட்டார்.

குண்டசாலையில் 'மலைத்துளி' தேயிலைக் கம்பனியின் முகநூல், டிக்டொக் பக்கங்களைக் கவனிப்பது யசோதினியின் வேலை. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஊரே சிரிக்கும்போது யார் சிரிக்காமல் இருக்கிறார்கள் என்று தேடுகிற புத்தி அவளுக்கு. முதலாளி ஜவாஹிரின் மருமகன் முஸ்அப் அதற்குச் 'சந்தேக வியாதி' என்று பெயர் வைத்திருந்தான். விளம்பரப் பகுதி முழுக்க அவன் பொறுப்பு.

அவனிடம் ரீல் தயாராக இருந்தது. பாதிக் கோப்பைத் தேநீர், அந்தக் குரல், பிறகு ததும்பத் ததும்ப மலைத்துளித் தேநீர்.

"அஞ்சு மணிக்குத் தானாப் போகும், நேரம் வச்சாச்சு. திங்கக்கிழமை ஆனா இந்த டிரெண்ட் செத்துப் போகும்" என்றான்.

"குரல் யாரோடது நானா?" என்றாள் யசோதினி. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"யார்டயா இருந்தா என்ன? நாடே பாவிக்குது."

"நாடு தேயிலை விக்கலையே. நம்மதானே விக்கிறோம். அம்புட்டுன்னு யாரு சொல்லுவாங்க? எங்க தோட்டத்துச் சனந்தான்."

அவன் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. எதையோ தெரிந்துகொண்டு மறைக்கிறவன் மாதிரி இருந்தது.

அவள் அந்த ஒலியின் பக்கத்தைத் திறந்தாள். முதலில் ஏற்றியவன் என்று காட்டிய கணக்கு, மற்றவர்களின் வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைக்கிற கணக்கு. அங்கே ஒன்றும் கிடைக்காது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை விட்டுவிட்டு, கீழே தமிழில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசித்துக்கொண்டே போனாள். சிரிப்புப் பொம்மைகளுக்கு நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: 'இது மடுவத்துல பேசுற பேச்சு மாதிரி இருக்கே.'

மடுவம் என்றால் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடம். யசோதினி காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு மறுபடி கேட்டாள். குரலுக்குப் பின்னால் தராசுக் கொக்கி ஆடும் சத்தம். ஓர் ஆணின் குரல் 'பதினாலு' என்றது. கம்பனிக்குப் படம் எடுக்கப் போன அன்று அந்தக் கொக்கியின் அடியில் அவள் நின்றிருக்கிறாள்.

சொந்தக் கம்பனியின் முகநூல் பக்கத்தைத் திறந்து கீழே இறங்கிக்கொண்டே போனாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் விளம்பரப் படம் எடுத்தபோது, 'படப்பிடிப்பில் நாங்கள்' என்று ஒரு வீடியோவும் போட்டிருந்தார்கள். விளம்பரத்துக்கு வயலின் வாசித்துச் சத்தத்தையெல்லாம் மறைத்தாயிற்று. இதற்கு வாசிக்க யாருக்கும் தோன்றவில்லை. பார்த்தவர்களும் குறைவு. அதில் ஒரு பெண் கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டுகிறாள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்க்கிறார், ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று சில கிலோவைக் கழிக்கிறார், 'பதினாலு' என்கிறார். அவள் தராசை நிமிர்ந்து பார்த்து, "அம்புட்டுத்தானா?" என்கிறாள். யாரும் பதில் சொல்லவில்லை. கமெரா மலையைப் பார்க்கத் திரும்பிவிடுகிறது.

முஸ்அப் திரும்பி வந்ததும் அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். பார்க்கப் பார்க்க அவன் முகம் வெளுத்தது. பிறகு வேறு மாதிரி மாறியது.

"அந்தத் தோட்டத்துக்கு எங்கள கூட்டிட்டுப் போனது நீங்கதானே? அந்தப் பொம்புளையையும் உங்களுக்குத் தெரியும். இத வெட்டி வெளிய குடுத்தது யாரு?"

"உங்களப் பத்தி நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் அவள். "இது நம்ம வீடியோவுல உள்ள குரல்னு தெரிஞ்சுதான் நீங்க அவசரப்படுறீங்களோன்னு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நம்பிக்கை என்று பெயருக்குக்கூட ஒன்றும் அங்கே மிச்சமில்லை.

பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்த ஜவாஹிர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரீல நிப்பாட்டு. அந்தப் பழைய வீடியோவையும் அழிச்சிருங்க."

முஸ்அப் மனமில்லாமல் ரீலை நிறுத்தினான். யசோதினி அசையவில்லை.

"அழிச்சா இன்னும் மோசம் சேர். யாராவது ஏற்கெனவே எடுத்து வச்சிருப்பாங்க. அந்தம்மா கேட்டதுக்கும் பதில் சொல்லாம, இப்ப ஒளிக்கவும் செய்றாங்கன்னு சொல்லுவாங்க."

"நாங்க தோட்டம் நடத்துற இல்லையே மகள். தூள்தானே வாங்குற."

"நம்ம பக்கெட்டுல கொழுந்து கிள்ளுற கைதானே சேர் படம்."

ஜவாஹிர் மேசையிலிருந்த தேயிலைப் பொதியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை எதற்கென்று அவளுக்குத் தெரிந்தது.

"கேக்குறேன்னு கோவிக்க வேணாம். இத வெட்டி வெளிய விட்டது உங்கட வேலை இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்கு வந்தது ஆத்திரமா அழுகையா என்று அவளுக்கே புரியவில்லை. நிரூபிக்க அவளிடம் எதுவும் இல்லை. இன்று வீட்டுக்குப் போனால் நாளைக்கு வர வேலை இருக்குமா என்பதும் தெரியவில்லை.

"தெரியாது சேர்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவள் கணினி மணியடித்தது. பழைய வீடியோவின் கீழ் புதிதாக ஒரு கருத்து: 'இது உங்க வீடியோதானே? அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொன்னீங்க?' பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழ் இன்னொன்று, இன்னொன்று. இனி அழித்தும் பயனில்லை.

முஸ்அப் விறுவிறுவென்று ஒரு பதிலைத் தட்டினான். "இதப் போடுவோம். எல்லாரும் பார்த்துட்டு ஈக்கிறாங்க. ஹேஷ்டெக் போட்டா இன்னும் பரவும். நல்ல பேரு வரும்."

"அவங்க குரல வச்சு நம்ம நல்ல பேரு வாங்குறதா?" என்றாள் யசோதினி. "முதல்ல அவங்ககிட்ட வாசிச்சுக் காட்டுவோம்."

அந்தத் தோட்டத்தில் இருக்கும் தன் சித்திக்கு அழைத்தாள். சித்தி லயத்து வரிசையில் இரண்டு காம்பிரா வீடு தாண்டிப் போய், அந்தப் பெண்ணிடம் கைபேசியைக் கொடுத்தாள். யசோதினி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"பாப்பம்மாக்கா, நான் யசோதினி. உங்க பேச்சு ஊரெல்லாம் சுத்துதே, தெரியுமா?"

"தெரியும்மா. எல்லாரும் காட்டிக் காட்டிச் சிரிக்கிறாங்க. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னுதான் தெரியல."

யசோதினி கைபேசியை மேசை நடுவில் வைத்தாள்.

"இங்க எங்க முதலாளி இருக்காருக்கா. கம்பனி சார்பா ஒரு பதில் போடப் போறாங்க. கேட்டுட்டுச் சரியான்னு சொல்லுங்க."

முஸ்அப் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். "எமது தேயிலைத் தாய்மாரின் அயராத உழைப்புக்கு மலைத்துளி குடும்பம் என்றென்றும் தலைவணங்குகிறது. உங்கள் வியர்வைதான் எங்கள் சுவை."

மறுமுனையில் ஒரு கோழி கத்தியது. பாப்பம்மா இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"அம்புட்டுத்தானா?" என்றாள்.

நாடெல்லாம் வாயசைத்த அதே சொல். அந்த அறையில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஜவாஹிர் பக்கெட்டை மெல்லத் தள்ளிவிட்டு, கைபேசியின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, நான் ஜவாஹிர் பேசுறேன். படம் எடுத்த அண்டைக்கு நீங்க கொண்டுவந்தது எத்தனை கிலோன்னு நினைக்கிறீங்க?"

முஸ்அப் தான் எழுதியதை அழித்துவிட்டுக் கதிரையை விட்டு எழுந்தான். விசைப்பலகையை யசோதினியின் பக்கம் நகர்த்தி வைத்தான். அவள் உட்கார்ந்து, பாப்பம்மா சொல்லச் சொல்ல எழுதினாள்.