நூல் பிரிந்த ஓரம்

துளசிராமனுக்குப் பாவாடையின் ஓரம் என்றால் ஓரம்தான். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு ஆடை ஏற்றுமதிக் கம்பெனிக்கு வந்த மூன்று வருடத்தில், தைப்பவர்களுக்காக அவர் தயாரித்த விவரத்தாள் அத்தனையிலும் அடி ஓரத்துக்கான கட்டத்தில் ஒரே வரிதான் இருக்கும்: ‘நேர்த்தியான அடித்தையல்’. டிப்ளமா படித்தவர். படிப்பு சட்டைப்பையில் இரண்டு பேனாவாகக் குத்தியிருந்தது.

சாம்பிள் தைக்கும் மெஹர்னிசாவுக்கு அந்த வரியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். 2007-இல் வந்த ஆர்டரில் ஐந்து பாவாடை, ஐந்து விதமான ஓரம். ஒவ்வொன்றிலும் இரண்டு சாம்பிள் தைத்தாள்; ஒன்று சென்னையில் வாங்குபவரின் ஆபீசுக்கு, ஒன்று மொத்தமாகத் தைக்கப்போகும் கும்மிடிப்பூண்டி யூனிட்டுக்கு. இந்த ஆளை நம்ப முடியாது என்று தானே தமிழில் சீட்டு எழுதிக் குத்தினாள். ரோல்டு: ஓரத்தைத் தீக்குச்சி மொத்தத்துக்குச் சுருட்டித் தைத்தது. ஸ்காலப்: ஓரம் முழுக்க அரைவட்டங்கள், ஒரு வட்டம் இரண்டு அங்குல அகலம். ஹை-லோ: முன்னால் முழங்கால், பின்னால் கணுக்கால், நடுவில் எங்கும் உடையாத ஒரே வளைவு. ஹேண்ட்கர்ச்சீஃப்: சதுரத் துணியின் நடுவில் இடுப்புக்கு வட்டம் வெட்டியது, நாலு மூலையும் கூர்கூராகத் தொங்கும். ஐந்தாவது, ரா: மடிக்காமல் வெட்டினபடியே விட்ட ஓரம்.

துளசிராமன் சீட்டையெல்லாம் பிய்த்துக் குப்பையில் போட்டார். வெளிநாட்டுக்குப் போகிற சாம்பிளில் மளிகைக்கடைச் சீட்டா என்று கேட்டுச் சிரித்தார். அன்று மாலையே சென்னைக்குப் போகவேண்டிய ரா பாவாடை ஒரு பட்டனுக்காக அவளிடம் திரும்பி வந்தது. அவளுக்கு வீம்பு. மார்க்கிங் பேனாவால் துணித்துண்டில் எழுதி, பாக்கெட்டுக்கு உள்ளே வைத்துத் தைத்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, தைத்து வந்த சரக்கைச் சோதிக்க வாங்குபவரின் இன்ஸ்பெக்டர் எட்வர்ட் காக்களூருக்கு வந்தார். எண்ணூறு ரா பாவாடைகளில் ஒன்றுகூட ரா இல்லை. எல்லாம் அழகாகச் சுருட்டித் தைக்கப்பட்டு, அரை அங்குலத்துக்கு மேல் உயரமும் குறைந்திருந்தன. சரக்கோடு வந்திருந்த கும்மிடிப்பூண்டி சூப்பர்வைசர் தணிகாசலம், துளசிராமன் அனுப்பிய விவரத்தாளை நீட்டினார். இதில் மட்டும் வழக்கமான வரிக்குப் பதில் ‘ஓரம் முடிக்கப்படவில்லை. சுருட்டித் தைக்கவும்’ என்றிருந்தது. நூல் பிரிந்து நின்ற ஓரத்தைப் பார்த்ததும் தையல்காரி பாதியில் விட்டுவிட்டாள் என்று மகாபுத்திசாலி முடிவு கட்டியிருக்கிறார்.

துளசிராமன் இப்போதும் அதையேதான் சொன்னார். அரைகுறையாகக் கொடுத்தவள் அவள், தான் எப்படிப் பொறுப்பு? முதலாளி கிஃபாயத்துல்லா பாய் அவளைப் பார்த்தார். தப்பு உன்னுடையது என்றால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். பதினோரு வருட வேலை. மகள் சிஃபாவின் பாலிடெக்னிக் படிப்பு அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எட்வர்டின் பக்கம் திரும்பினாள்.

“சென்னைக்குப் போன சாம்பிளு இருக்குதா சார்? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கோ” என்றாள்.

எட்வர்ட் பையிலிருந்து சீல் வைத்த சாம்பிளை எடுத்து, பாக்கெட்டை வெளியே இழுத்து, சத்தமாகப் படித்தார்:

“ஓரம் வெட்டினபடியே. மடிக்காதே, சுருட்டாதே. ஓரத்துக்குக் கால் அங்குலம் மேல சுத்திலும் ஒரு பொடித்தையல். நூல் அது வரைக்கும்தான் பிரியும், மேல ஏறாது.”

பொடித்தையல் அவர் விரலுக்குக் கீழேயே இருந்தது. துளசிராமன் குனிந்து அதைப் பார்த்தார். பாவாடை அவர் கைக்கு வந்து போய் ஒரு மாதம் ஆகிறது, அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

“கம்பெனி ஷீட்டை விட இந்தத் துண்டுதான் ஷீட்டு” என்றார் எட்வர்ட். எண்ணூறும் நிராகரிக்கப்பட்டன.

பாய் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. துளசிராமன் அவருடைய மச்சானுக்கு வேண்டியவர். இனிமேல் மெஹர்னிசா சொல்லவேண்டும், துளசிராமன் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். பாயின் நியாயத்துக்கு அவள் நன்றி வேறு சொல்லவேண்டும் போலிருந்தது.

மறுநாள் துளசிராமன் புதிய ஹை-லோ பாவாடையோடு வந்து, இரண்டு பேனாவில் ஒன்றை உருவிக்கொண்டு, சொல்லும்மா என்றார்.

“முன்னாடி ஒசரம் இருபத்திரண்டு, பின்னாடி முப்பத்தெட்டு. ரெண்டு பக்கமும் ஒரே வளைவா எறங்கணும்.” அவர் எழுதி முடிக்கும்வரை நின்றாள். “ஓரம் எப்பிடி முடியுதுன்னு இன்னும் சொல்லல சார்.”

“அதையும் சொல்லு.”

“கீழ எம்பேரை எய்துங்கோ. அப்பாலதான் சொல்வேன்.”

அவர் பாயின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. ஓரத்துக்கான கட்டம் காலியாகவே இருந்தது, அதில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியாது. மெஷினை ஓட்டத் தொடங்கிவிட்ட மெஹர்னிசா நிமிரவே இல்லை.

தாளின் அடியில் அவர் மெதுவாக எழுதினார்: ‘விவரம்: மெஹர்னிசா’.