பவுல் வருவாரா?

கம்பனியை விற்கும் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமை கையெழுத்தானது. திங்கட்கிழமை காலை வரை வெளியே சொல்லக் கூடாது என்று சுகந்தியிடம் சொல்லியிருந்தார்கள். தேயிலைத் தொழிற்சாலைகளின் மோட்டார்களைப் பராமரிக்கும் கம்பனி அது. எங்கே மோட்டார் நின்றாலும் இரத்தினபுரி அலுவலகத்திலிருக்கும் சுகந்தியைத்தான் கூப்பிடுவார்கள். அவள் மோட்டார் திருத்தும் பவுலை அனுப்புவாள்.

திங்கள் விடிந்ததும் மழை. சுகந்தி வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

“எங்க கம்பனிய கொழும்புக் கம்பனி ஒண்ணு வாங்கியிருக்குங்க. உங்க ஒப்பந்தம் அப்படியே இருக்கும். நம்பர் மாறாது. நான்தான் பேசுவேன். கடிதம் பின்னால வருது.”

பதினாறு பேரிடம் அதையே சொன்னாள். போகப் போக அந்தக் குரல் தன்னுடையது போலவே இல்லை. மழைக்குள் யாரோ தூரத்தில் பேசுவது போலிருந்தது.

மிகப் பழைய வாடிக்கையாளரான இராமசாமியிடம் கடிதத்தை நேரில் கொடுக்க வேண்டும். மத்தியானம் பவுலின் வேனிலேயே றக்குவானைப் பக்கம் இருக்கும் அவருடைய தொழிற்சாலைக்குப் போனாள். விசிறி மோட்டாரைப் பார்க்கப் பவுல் முன்னால் போக, அவளும் கொழுந்து வாட்டும் மாடிக்கு ஏறினாள். பச்சைக் கொழுந்து நீளமாகப் பரந்து கிடந்தது. விசிறிகளின் ஒரே சீரான முனகலில் காலடி தரையில் படாதது மாதிரி இருந்தது. ஜன்னல் வழியே பனிமூட்டம் உள்ளே வந்து, கொழுந்து வாசத்தோடு கலந்து நின்றது.

தொழிற்சாலைப் பொறுப்பாளரான இராமசாமி கடிதத்தை ஆற அமரப் படித்தார்.

“ஒம் பேரு இருக்கு. பவுல் பேரக் காணோமே. அவரு வருவாராம்மா?”

‘எங்கள் தொழில்நுட்பக் குழு’ என்றுதான் கடிதத்தில் இருந்தது. அவள் அதைக் கவனித்திருக்கவில்லை. வருவார் என்று சொல்லிவிட நா எழுந்தது. விசிறிக்குப் பக்கத்தில் குனிந்திருந்த பவுல் நிமிரவில்லை. ஆனால் அவர் கை நின்றுவிட்டது.

“தெரியலைங்க ஐயா. கேட்டுட்டுச் சொல்றேன்.”

படிக்கட்டில் நின்று புதிய கம்பனியின் அதிகாரி நஸீமைக் கூப்பிட்டாள்.

“யாருக்கு எந்த எடம்னு அடுத்த மாசம்தான் முடிவாகும்,” என்றார் அவர். “இப்போதைக்கு எல்லாம் அப்படியேன்னு சொல்லிடுங்க, மிஸ்.”

“எனக்கே தெரியாதத எப்படி சார் சொல்றது? நாளைக்குப் பவுல் அண்ணன் வரலன்னா, மத்த எதையும் நம்ப மாட்டாங்க. மிச்சக் கடிதங்கள அனுப்பாம வைக்கிறேன்.”

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

“ரெண்டு நாள் தாங்க,” என்றார் நஸீம்.

திரும்பும் வழியில் மலைகள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் கரைந்துகொண்டிருந்தன.

புதன்கிழமை திருத்திய கடிதம் வந்தது. பவுலின் பெயரும் நம்பரும் அச்சாகியிருந்தன. ஒரு வருடத்துக்கு அவர்தான் வருவார், மாற்றம் இருந்தால் ஒரு மாதம் முன்பே அறிவிப்போம் என்றிருந்தது. பவுல் நின்றபடியே அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சுகந்தி இராமசாமியைக் கூப்பிட்டாள்.

“ஒரு வருஷமா? அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் இப்ப சொல்ல முடியாதுங்க ஐயா.”

“ஹரி, சரிதான். அப்படிச் சொன்னியே, அது போதும்மா.”

அவள் அடுத்த நம்பரை அழுத்தினாள். இப்போது அது அவள் குரலாகவே இருந்தது.