ஆறு மணி நேரம்

காலை எட்டு மணிக்கு நொடிக்கு அறுபது படம் ஓடிய கணினி விளையாட்டு, பன்னிரண்டரைக்கு முப்பத்தொன்றில் வந்து நின்றது. திரையில் எங்கள் கப்பல் சேற்றில் சிக்கியதுபோல் நகர்ந்தது. அண்ணன் அதைப் பார்த்தான். நான் மேசைமேல் கிடந்த படிவத்தைப் பார்த்தேன். 'இடைநிறுத்தாமல் ஆறு மணி நேரம் சீராக ஓடியது: ஆம்.' கீழே நேற்றே நான் போட்ட கையெழுத்து. இன்று ஓடவிட்டது அனுப்புமுன் கடைசியாக ஒருமுறை பார்க்கத்தான்.

ஐந்து மணிக்குள் விளையாட்டும் படிவமும் விற்பனைத் தளத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் எங்களுக்கு ஒதுக்கிய வெளியீட்டு நாள் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான். வேலையை விட்டுவிட்டு நான்கு வருடம் இதை எழுதியவன் அண்ணன். அதில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பிறந்ததிலிருந்தே செய்கிறேன், இப்போது சம்பளமும் உண்டு.

"சூடுதான். சிப் சூடேறினா தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும்," என்றான் அண்ணன். மேசை விசிறியை இழுத்து வந்து கணினியின் பின்பக்கம் வைத்தான். முப்பத்தாறு ஆனது. அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

ஆனால் படம் விட்டு விட்டுத் திக்கியது. பின்னணியில் என்ன ஓடுகிறது என்று திறந்து பார்த்தேன். எங்கள் விளையாட்டு தன் ஓட்டத்தைப் பற்றி ஒரு கோப்பில் நொடிக்கொரு வரி குறிப்பு எழுதுகிறது. அந்தக் கோப்பு மாறும்போதெல்லாம் காப்புநகல் நிரல் அதை முதலிலிருந்து முழுசாகப் படியெடுக்கிறது. கோப்பு வளர வளர அதன் வேலையும் வளர்ந்திருக்கிறது. அதை நிறுத்தினேன். திக்கல் போனது. நாற்பத்தொன்று.

"பார்த்தியா!" என்றான் அண்ணன்.

பத்தே நிமிடம். நாற்பது, முப்பத்தேழு, முப்பத்து நான்கு.

"சூடுன்னா வேகம் இப்படி இறங்கிக்கிட்டே போகாதுண்ணா. அரை மணி நேரத்துல ஒரு இடத்துல நின்னுடும்," என்றேன். "விளையாட்டை மட்டும் மூடித் திறக்கறேன்."

"பைத்தியமாடி உனக்கு? இவ்வளவு நேரம் ஓடினது வீணாயிடும்!"

அவன் கையைத் தட்டிவிட்டு மூடினேன். திறந்தேன். கணினி இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் ஐம்பத்தேழு.

"சூடு அப்படியேதான் இருக்கு. மூடினதும் சரியாச்சுன்னா, விளையாட்டு எதையோ விடாம பிடிச்சு வச்சிருக்கு. நினைவகம் கசியுது."

"அப்ப நேத்து ஆறு மணி நேரம் எப்படி ஓடிச்சு?"

எப்படியும் கேட்பான் என்று தெரியும். எந்தக் குறையையும் எழுதுமுன் விளையாட்டை மூடித் திறந்து, புதிதாக ஒருமுறை பார்ப்பது என் பழக்கம். நல்ல பழக்கம் என்று அவனே பாராட்டியது. நேற்றும் சாப்பாட்டுக்கு முன் அப்படி மூடினேன்.

"மூணும் மூணும் ஆறுன்னு கூட்டிட்டேன், அண்ணா."

அவன் நிரலைத் திறந்து கசிவைத் தேட ஆரம்பித்தான். கத்தியிருந்தால் தேவலை.

ஒன்றே காலுக்குக் கசிவு அகப்பட்டது. கப்பலின் ஒவ்வொரு அறைக்குள் போகும்போதும் அதன் படங்கள் நினைவகத்தில் ஏறுகின்றன. வெளியே வந்ததும் அறை போய்விட வேண்டும். ஆனால் வரைபடப் பட்டியல் அந்தப் பழைய அறையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மறுபடி நுழைந்தால் இன்னொரு புது அறை. நினைவகம் நிரம்பியதும் கணினி மிச்சத்தை மெதுவான சேமிப்பு வட்டில் வைத்து எடுக்கத் தொடங்கி நொண்டியது. அண்ணன் இரண்டே வரியில் அதைச் சரிசெய்தான்.

இரண்டு மணிக்குப் புதிய ஓட்டம் தொடங்கினோம். பக்கத்துக் கணினியில், கப்பல் அறைக் கதவைத் தானாகத் திறந்து மூடும் நிரல் ஒன்றை ஓடவிட்டேன். ஆயிரம் தடவை நுழைந்து வந்தும் நினைவகக் கோடு ஏறவில்லை.

நாலே முக்காலுக்கு அண்ணன் படிவத்தை என் பக்கம் நகர்த்தினான். "கசிவு போச்சுன்னு ஆயிரம் தடவை பார்த்தாச்சு. ரெண்டு மெஷினும் சேர்த்தா அஞ்சரை மணி நேரம். அந்தக் கையெழுத்து இருக்கட்டுமே."

"கதவை அவசரப்படுத்தலாம். நேரத்தை அவசரப்படுத்த முடியாது. ஆறு மணி நேரம்னா ஆறு மணி நேரம்தான்."

"மூணு மாசம்டி."

"தெரியும். என்னாலதான்."

அழுகை வந்தது, அடக்கவில்லை. 'ஆம்' என்பதை அடித்து 'இல்லை' என்று எழுதினேன். அண்ணன் அதை எடுத்துப் படித்தான். பிறகு அவனே அனுப்பினான். ஐந்தே காலுக்குப் பதில் வந்தது. எங்கள் நாள் போய்விட்டது.

ஓட்டத்தை நிறுத்தச் சொல்வான் என்று நினைத்தேன். அவனோ விசிறியைக் கணினிப் பக்கமிருந்து எடுத்து மூலையில் வைத்தான். வாங்குகிறவர்கள் வீட்டில் கணினிக்குப் பின்னால் விசிறி இருக்காது அல்லவா? இருவரும் திரையிலிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு. எட்டு மணிக்கும் ஐம்பத்தெட்டு.

அண்ணன் ஒரு புதுப் படிவத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தான்.

"இப்ப போடு கையெழுத்து," என்றான்.