நீரைப் பாராத கதிரை

றமீஸ் மருதமுனைக்கு, ஸுஹைறா டீச்சரின் வீட்டுக்கே வந்திருந்தான். கல்முனை பஸ் நிலையத்தருகில் அவனுக்கு ஒரு சிறிய அலுவலகம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு அறுகம்குடாப் பக்கம் அறை, வான், படகு எல்லாம் ஒழுங்கு செய்து கொடுப்பான். ஊர் ஆட்கள் யாரும் மீன் பிடிக்க விடுமுறை கேட்டு அவனிடம் வந்ததில்லை. சாலிஹ் கேட்டிருந்தார். சாலிஹின் மனைவி ஸுஹைறா அவனுக்குக் கணிதம் படிப்பித்தவர்.

சாலிஹ் தூண்டில் தடியைத் துடைத்துக்கொண்டே கதைத்தார்.

“கோமாரிக் களப்புத்தான் சரி. கடல் வேணாம். முதுகு தாங்காது.”

“ஓம் சேர். இப்ப முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கு. தண்ணி அசையாது. சுபஹ் தொழுதிட்டு இறங்கினா, கச்சான் காத்து கிளம்ப முதல் கரைக்கி வந்திரலாம். அதுக்குப் பிறகு காத்துல தூண்டில் எறிய ஏலாது.”

“பின்னேரம்?”

“காத்து விழுந்தா பொழுது படுற நேரம் மறுகா ஒருக்காப் போகலாம். படகுக்காரர் அழகரெத்தினம். அவர்ட படகில சாய்ற கதிரை ஒண்டு பூட்டச் சொல்லிரிக்கன். உயிரோட இறால் வச்சிருப்பார். கொடுவா கடிக்கும். ஒண்டு மட்டும் சேர், தண்ணிக்க கால் வைக்கப்படாது. முதலை இரிக்கி.”

“அது எனக்கித் தெரியாதா? குளத்துக்கட்டில முப்பது வருஷம் கிடந்தவன் நான்.”

அது உண்மை. அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தார். இங்கினியாகலை, மகியங்கனை, பிறகு அதற்கும் அப்பால். வியாழன் இரவு வருவார். ஞாயிறு போவார். வந்து நிற்கும் நாட்களிலும் அது ஸுஹைறாவின் வீடு. சீதனமாக வந்தது. ஒரு பக்கம் ராத்தாவின் வளவு, மறுபக்கம் தங்கையின் வளவு. வேலியில் கடவு உண்டு. யாரும் எப்போதும் வரலாம். வருவார்கள். மகள் றிபாவுக்கு அந்த வீட்டை எழுதிக் கொடுத்த பிறகு இருவரும் பின் அறைக்குப் போனார்கள். அந்த அறைக்குக் கதவு இருந்தது. ஆனால் பேரப்பிள்ளைகளின் உடுப்பு அலுமாரியும் அங்கேதான் இருந்தது.

ஸுஹைறா ஓய்வு பெற்ற அன்றிலிருந்து ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார். நான்கு நாட்கள். இவரும் தானும். வேறு யாரும் இல்லாத ஓர் இடம். மீன் என்றாலும் பரவாயில்லை.

றமீஸ் அவர் பக்கம் திரும்பினான்.

“டீச்சருக்கு என்ன விருப்பம்?”

ஸுஹைறா வாயைத் திறந்தார்.

“அவ புத்தகம் வாசிப்பா,” என்றார் சாலிஹ்.

“அதில்ல சேர். ரெண்டு பேரில ஒராள்தான் மீன் பிடிக்கிற எண்டா நான் மற்ற ஆளுக்குத்தான் முதல்ல திட்டம் போடுற. அனுபவத்தில சொல்றன். முதல் நாள் கரையில இருந்து பார்ப்பாங்க. ரெண்டாம் நாள் போனைப் பார்ப்பாங்க. மூணாம் நாள் வீட்ட போவம் எண்டுவாங்க.”

வேலிக் கடவால் ராத்தா வந்தார். ஸுஹைறாவுக்கு மூத்தவர், லைலா. வாசலிலேயே கேட்டுவிட்டார்.

“என்னகா, மீன் பிடிக்கவா நாலு நாள்? பாண்டிருப்புச் சந்தையில காலையில போனா துடிக்கத் துடிக்க வாங்கலாமே.”

“வாங்கிறதும் பிடிக்கிறதும் ஒண்டா மதினி?” என்றார் சாலிஹ்.

“நீங்க பிடிச்சதை நான் இன்னும் காணல்ல. போன முறை கொண்டு வந்ததைப் பூனையும் மணந்து பார்த்திட்டுப் போயிற்று.”

எல்லாரும் சிரித்தார்கள். சாலிஹும் சிரித்தார். பிறகு தடியை மடியில் வைத்தார்.

“அப்ப நீங்களும் வாங்க மதினி. இவளுக்கும் துணையாப் போகும். றிபாவும் பிள்ளைகளும் வரட்டும். றமீஸ், பெரிய வான் இரிக்கிதானே?”

றமீஸ் ஸுஹைறாவைப் பார்த்தான். அவர் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

லைலா ராத்தா அன்றைக்கே இறைச்சியைப் பொரித்து எடுப்பதா அங்கே ஆணம் ஆக்குவதா என்று றிபாவோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். இரண்டாம் நாள் பொத்துவிலில் மச்சி வீட்டுக்கு, மூன்றாம் நாள் பிள்ளைகளோடு கடற்கரைக்கு. ஸுஹைறா தனியாக இருக்கும் நேரம் அந்தத் திட்டத்தில் எங்கும் இல்லை. சாலிஹுடன் இருக்கும் நேரமும் இல்லை.

இரண்டு நாள் பொறுத்து ஸுஹைறா றமீஸின் அலுவலகத்துக்குப் போனார். வெளியே பஸ்கள் உறுமின. அவன் எழுந்து நின்றான். வகுப்பில் எழுந்தது போலவே.

“இரு. வான் வேணாம். ரெண்டு பேருக்கு மட்டும் அறை போடு.”

“டீச்சர், சேர் சொன்னாரு…”

“அவர் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாரு.”

றமீஸ் தயங்கினான். மேசையில் இருந்த பேனையை நேராக வைத்தான்.

“சும்மா இல்ல டீச்சர். அண்டைக்கி ராவே போன் எடுத்தாரு. ஆட்களைக் குறைக்காதே எண்டாரு. இவ கரையில தனிய இருந்தா எனக்கி மனம் தூண்டில்ல நிக்காது, காத்திருக்கா காத்திருக்கா எண்டே தோணும் எண்டாரு.”

ஸுஹைறா கதிரையில் உட்கார்ந்தார்.

“டீச்சரும் படகில ஏறினா என்ன? மூணு பேர் இரிக்கலாம். தலைக்குப் பின்னால தூண்டில் வீசக்குள்ள மட்டும் கொஞ்சம் கவனம்.”

“ஒருக்கா ஏறினன்.”

இங்கினியாகலையில். கல்யாணம் முடித்த புதிதில். படகு நின்றதும் தலை சுற்றியது. அவர் வாந்தி எடுத்தார். சாலிஹ் உடனே தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கரைக்குத் திரும்பினார். கோபமில்லை. முகத்தைக் கழுவத் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒருபோதும் வா என்று கேட்கவில்லை.

“நான் காத்திருக்கிற மாதிரி அவருக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதானே?”

“ஓம், அப்படித்தான்.”

“அறைக்கு முன்னால என்ன இரிக்கி?”

“களப்பு. மரத்துக்குக் கீழ கதிரை போட்டிரிக்கும். அதுதான் அந்த இடத்திட அழகே டீச்சர்.”

“பின்னால?”

“தென்னந்தோட்டம். வேற ஒண்டும் இல்ல.”

“கதிரையைத் திருப்பிப் போடச் சொல்லு. தோட்டத்தைப் பார்க்க. படகில இருந்து பார்த்தா என்ட முதுகு தெரியட்டும். அவர்ட்ட நீயே சொல்லு. டீச்சர் காத்திருக்க மாட்டாவாம், அவக்கு அங்க வாசிக்கிற வேலை இரிக்காம் எண்டு.”

“லைலா ராத்தாட்ட அறை இல்லையெண்டு சொல்லட்டா? வெள்ளைக்காரங்க எடுத்திட்டாங்க எண்டு?”

“பொய் வேணாம். நான் சொல்றன்.”

அவர் சொன்னார். ராத்தா அரிசி புடைப்பதை நிறுத்தினார்.

“இந்த வயசில என்னடி தேன்நிலவு?”

“ஓம்,” என்றார் ஸுஹைறா.

ராத்தா அவரை ஒருகணம் பார்த்தார். பிறகு சுளகை எடுத்துக்கொண்டார். “போ போ. மீன் மணக்கிற தேன்நிலவு.”

கோமாரியில் எல்லாம் றமீஸ் சொன்னபடி இருந்தது. ஓலை வேய்ந்த சிறு வீடு, சுத்தமான குளியலறை, தொழும் திசையான கிப்லாவுக்கு அம்புக்குறி. சமைப்பவர் பொத்துவில் ஆள். சுபஹ் தொழுகை முடிய அழகரெத்தினம் வந்து நின்றார். சாலிஹ் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டார். அவருக்கு அது கொஞ்சம் சிறிது.

“நீ அங்கிட்டுப் பார்த்துத்தான் இருப்பியா?” என்றார்.

“ஓம். கண்ணுக்கு வெளிச்சம் கூசுது. நீங்க போங்க.”

அவர் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஸுஹைறா அதைக் கண்டார்.

படகு போனது. எஞ்சின் சத்தம் தூரத்தில் நின்றது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. முன்னால் தென்னைகள். ஒரு மாடு கயிற்றின் நீளம் வரை மேய்ந்தது. புத்தகத்தில் ஒரே பக்கத்தை அவர் பல தடவை வாசித்தார். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் இருந்தது. அதில் எங்கோ சாலிஹ் இருந்தார். நீரில் ஏதாவது துள்ளும் சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கும். ஸுஹைறா திருப்பவில்லை.

கச்சான் தென்னைகளின் ஊடாக முகத்தில் அடித்தபோது எஞ்சின் மறுபடி கேட்டது. சாலிஹ் வெறுங்கையோடு வந்தார். சந்தோஷமாக இருந்தார். பகல் முழுவதும் தப்பிப் போன கொடுவாவைப் பற்றிச் சொன்னார். அதன் வாய், அதன் பாரம், அது நூலை அறுத்த விதம். ஸுஹைறா கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் யாரும் கதவைத் தட்டவில்லை. அவர் விரும்பியது அதுதான். சொல்லி முடித்ததும் சாலிஹ் தூங்கிப் போனார்.

இரண்டாம் நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் ஒரு மீன் வந்தது. பெரிதல்ல. சமையல்காரர் அதைப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார். சாலிஹ் முள்ளை நீக்கி ஸுஹைறாவின் தட்டில் வைத்தார். வீட்டில் அப்படிச் செய்ததில்லை. அங்கே பிள்ளைகளுக்கு நீக்கவே நேரம் போய்விடும்.

“பிடிச்ச உடனே தூக்கிக் காட்டினன்,” என்றார்.

“யாருக்கு?”

“உனக்குத்தான். கூப்பிட்டும் பார்த்தன். காத்து அங்கிட்டு இழுத்திட்டுது போல.”

ஸுஹைறா சோற்றைப் பிசைந்தார்.

“அழகரெத்தினம் சிரிச்சாரு. அம்மா கோவமா இரிக்காவா எண்டு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வாசிக்கிறா எண்டன்.”

நீங்கள்தானே காத்திருக்கக் கூடாது என்றீர்கள் என்று சொல்லலாம். சொன்னால் றமீஸ் வாய் விட்டது தெரிந்துவிடும். சாலிஹ் அதன் பிறகு களப்புக்கே போகாமல் விட்டுவிடுவார். ஸுஹைறா மீனைச் சாப்பிட்டார். நன்றாக இருந்தது என்றார்.

கடைசிக் காலை. படகின் சத்தம் தேய்ந்ததும் ஸுஹைறா எழுந்து கதிரையைப் பிடித்தார். பாரமான கதிரை. முழுவதும் திருப்பவில்லை. பக்கவாட்டில் வைத்தார். இடது பக்கம் தென்னைகள், வலது பக்கம் தண்ணீர். இப்படி இருந்தால் காத்திருப்பது போலவும் தெரியாது, கோபம் போலவும் தெரியாது.

வெளிச்சம் வந்தது. தலையைச் சற்றுத் திருப்பினார். களப்பில் இரண்டு படகுகள் நின்றன. இரண்டிலும் இரண்டிரண்டு பேர். எது சாலிஹுடையது என்று தெரியவில்லை. கண்ணாடியை அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். தூரத்துக் கண்ணாடி. தோட்டத்தைப் பார்க்க அது தேவைப்பட்டிருக்கவில்லை.

ஸுஹைறா முக்காட்டைச் சரிசெய்தார். கையை உயர்த்தினார்.

கிட்ட நின்ற படகிலிருந்து ஒருவர் உடனே கையை ஆட்டினார். நெடுநேரம் ஆட்டினார். பிறகு வலையை எடுத்து வீசினார். அது வட்டமாக விரிந்து விழுந்தது.

மற்றப் படகு அசையவில்லை. அதில் ஒருவர் தண்ணீரைப் பார்த்துக் குனிந்திருந்தார்.

ஸுஹைறா கையை இறக்கவில்லை. தோள் வலிக்கும் வரை அப்படியே வைத்திருந்தார்.