நட்டநடுவில் ஆறு மில்லிமீட்டர்

“அது ஓட்டையே இல்ல.”

“ஓட்டை இல்லாம பின்ன என்ன, திருஷ்டிப் பொட்டா?”

பாண்டியராஜன் இப்படிக் கேட்டதும் டிராயிங் ஹாலில் மிச்சமிருந்த இரண்டு மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். தேவிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘துளை எங்கே? -4’ என்று இருந்தது. மொத்தம் நாற்பத்தெட்டு. மாதிரித் தேர்வில் ஐம்பது எடுத்தால்தான் ஹால் டிக்கெட்டில் கையெழுத்து என்று டிராயிங் வாத்தியார் வீரபாண்டியன் சார் சொல்லியிருந்தார். சார் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரிப் பேசுகிற ஆள். சொன்ன சொல் அங்கே இங்கே வளையாது.

கேள்வி என்னவோ எளிதுதான். பழைய கேள்வித்தாளில் வந்த ஒரு கட்டை. கீழே படுத்த தட்டு ஒன்று, பின்பக்கம் நிமிர்ந்த தட்டு ஒன்று. அதை ஐசோமெட்ரிக்காகச் சாய்த்து வரைந்து கொடுத்திருப்பார்கள். பார்த்து முன்தோற்றம், மேல்தோற்றம், இடப்பக்கத் தோற்றம் மூன்றையும் முதல் கோண முறையில் போட்டு, அளவு குறிக்க வேண்டும். நிமிர்ந்த தட்டின் நட்டநடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அதை ஆறு மில்லிமீட்டர் துளை என்று சார் கரும்பலகையில் சொல்லிக்கொடுத்த அன்றைக்குத் தேவிகா வீட்டாரோடு திருக்கோஷ்டியூர்த் தெப்பத் திருவிழாவுக்கு விளக்கேற்றப் போயிருந்தாள். பெருமாள் விளக்கைப் பார்த்தார். இவள் துளையைப் பார்க்கவில்லை.

பாண்டியராஜன் தன் தாளைப் பக்கத்தில் விரித்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே, இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்தில், வெளிக்கோடுகள் தடிப்பாக, அளவுக்கோடுகள் மெலிவாக. முன்தோற்றத்தில் வட்டம், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக மையக்கோடு. மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் துளை கண்ணுக்குத் தெரியாது என்பதால் மற்ற இரண்டு தோற்றங்களிலும் விட்டுவிட்டுப் போட்ட மறைகோடுகள். அவனுக்கு ஐம்பத்தொன்று.

“சரி, ஓட்டைன்னே வச்சுக்குவோம்,” என்றாள் தேவிகா. “சாஞ்ச படத்துல வட்டம் முட்டை மாதிரி நீளவாக்குலதான தெரியணும்? இது ஏன் உருண்டையா இருக்கு?”

அவன் ஜெராக்ஸை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். “வரஞ்சவனுக்கு அவசரமா இருந்திருக்கும்.”

“விட்டம் எவ்வளவுன்னு ஏன் போடல? ஓரத்துல இருந்து எத்தனை மில்லிமீட்டர்னு ஏன் போடல?”

“ஸ்கேல வச்சு அளந்தா ஆறு வருது பிள்ள. போன வருச சீனியருக்கு அஞ்சு வந்துச்சாம்.”

“அப்ப ஓட்டை வளருதா?”

அவன் ஜெராக்ஸில் விரல் வைத்து ஒன்றைக் காட்டினான். புள்ளியைச் சுற்றி நாலு பக்கமும் மெல்லிய கோடுகள். கொஞ்சம் நீளம், ஒரு இடைவெளி, கொஞ்சம் குட்டை. “மையக்கோடு இருக்குல்ல. இதுக்கு என்ன சொல்ற?”

தேவிகா குனிந்து பார்த்தாள். ஒரு நிமிடம் அவளுக்கே அது துளையாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அதற்கு அந்தப் பக்கம் வெளிச்சம்கூட வருகிற மாதிரி இருந்தது. தலையை உதறிக்கொண்டு எழுந்தாள். “மூலம் எங்க இருக்கோ அதப் பாத்துருவோம். வா, காசியண்ணன் கடைக்கு.”

கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்தது காசியின் ஜெராக்ஸ் கடை. பழைய கேள்வித்தாள்களை வருடவாரியாக அடுக்கி வைத்திருப்பார். டிராயிங் தாளைக் கேட்டதும் அவர் முகம் கோயில் நகையை எடுத்துக் காட்டுகிறவர் மாதிரி ஆகிவிட்டது.

“அது ஒரிஜினல் தங்கச்சி. பிள்ளைக கை பட்டுக் கிழிஞ்சிரும்னு வந்த அன்னைக்கே லேமினேஷன் போட்டுட்டேன். பதினோரு வருசமாச்சு, ஒரு கசங்கல் கிடையாது.”

வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். தாள் பளபளவென்று இருந்தது. கட்டை இருந்தது. நிமிர்ந்த தட்டின் நட்டநடுவில், இரண்டு பிளாஸ்டிக் படலத்துக்கு நடுவே, இறக்கையோடும் கொடுக்கோடும் ஒரு கொசு இருந்தது. கால்கள் நாலு திசைக்கும் நீட்டியிருந்தன. முட்டி மடங்கிய இடங்கள்தான் ஜெராக்ஸில் இடைவெளிகளாக விழுந்திருக்கின்றன.

பாண்டியராஜன் தாளை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனான். பிறகு, “இதுக்கா நான் மறைகோடு போட்டேன்,” என்றான்.

“பதினோரு வருசத்துக் கொசு,” என்றார் காசி. அவர் குரலில் வருத்தம் இல்லை, பெருமைதான் இருந்தது. “நம்ம லேமினேஷன் அப்படி. எடுத்துட்டுப் போங்க, பத்திரமாக் கொண்டாந்து குடுத்துருங்க.”

தேவிகா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். என்றைக்கோ ஒரு சாயங்காலம் பறந்துவந்து, உட்கார வேறு இடமே கிடைக்காமல் இந்தத் தட்டில் உட்கார்ந்து, சூடான உருளைக்குள் போன அந்தக் கொசுவை நினைத்தால் பாவமாக இருந்தது. நாலு மார்க்கை நினைத்ததும் பாவம் குறைந்தது.

வீரபாண்டியன் சார் ஆசிரியர் அறையில் தனியாக இருந்தார். தாளை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். அது பிளாஸ்டிக்குக்கு அடியில் இருந்தது.

“கொசு இருக்கு. ஒத்துக்கிறேன்,” என்றார். “ஆனா ஓட்டை இல்லன்னு எப்படிச் சொல்ற? இருக்கிற ஓட்டை மேலதான் கொசு வந்து உக்காந்திருக்கும்.”

“அப்ப அளவு எங்க சார்? அதையும் கொசு தின்னுருச்சா?”

சொன்ன பிறகுதான் தேவிகாவுக்கு நாக்கு கொஞ்சம் நீண்டுவிட்டது தெரிந்தது. சார் முறைத்தார். ஆனால் அளவு இல்லாமல் ஒரு துளையைத் தொழிற்கூடத்தில் எவனும் போட முடியாது என்று முதல் வகுப்பிலேயே சொன்னவர் அவர்தான். தாளை வெளிச்சத்தில் பிடித்தார். கொசுவுக்குப் பின்பக்கம் வெறும் வெள்ளைத் தாள். கோடும் இல்லை, முட்டை வட்டமும் இல்லை.

“போல்ட் மாட்டுறதுக்குன்னு வேற சொல்லிக்குடுத்திருக்கேன்,” என்று மெதுவாகச் சொன்னார். பதினோரு வருடமாகப் பிள்ளைகளை அந்தக் கொசுவுக்குள் போல்ட் முறுக்க வைத்தவரின் குரல் அது.

பிறகு மதிப்பெண் நோட்டை எடுத்தார். சிவப்புப் பேனா மூடியைக் கழற்றினார். “தேவிகா. நாலு சேத்தா அம்பத்திரெண்டு.” எழுதினார். தேவிகா மூச்சை விட்டாள்.

ஆனால் பேனா நிற்கவில்லை. பக்கத்தின் மேலே போனது.

“இல்லாத கோட்டப் போட்டா மார்க் குறையும்னு சொல்லியிருக்கேனா இல்லையா?”

“சொல்லியிருக்கீக சார்,” என்றான் பாண்டியராஜன். அவனுக்கு இன்னும் விளங்கவில்லை.

“வட்டம், மையக்கோடு, மறைகோடு. எல்லாம் சேத்து ஆளுக்கு நாலு குறையும். நியாயம்னா ரெண்டு பக்கமும் நியாயம்தான். இந்த வகுப்புல ஓட்டை போடாதது இவ ஒருத்திதான்.”

பாண்டியராஜன் விரல்விட்டு எண்ணினான். ஐம்பது, நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு. நாலாவது விரலில் அவன் கை அப்படியே நின்றது. வெயிலில் கடைவரை கூடவே வந்தவன். தாள் வளையாமல் இருக்க வழியெல்லாம் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவன்.

சாரின் பேனா அவன் பெயருக்கு நேரே வந்து நின்றது.

“சார்,” என்றாள் தேவிகா. “கோட்டுல ஒரு தப்புக் கிடையாது சார். மறைய வேண்டியது மறஞ்சிருக்கு, மையக்கோடு மெலிசா இருக்கு. இவன் கொசுவுக்கு மூணு வியூ போட்டுருக்கான்னு வச்சுக்கிட்டு, அந்த நாலு மார்க்க விட்டுருறீகளா?”